மரியாதையாகப் பேசிய செய்தி

எங்கள் வீட்டின் பின்கட்டில் ஒரு அறை இருக்கிறது. முன்பு அதில் நெல் மூட்டை போட்டு வைப்போம். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு அறை சும்மா கிடந்தது. உத்திரமேரூர் போகும் வழியில் உள்ள நெல் மில்லில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் புருஷனும் பெண்சாதியுமாக வந்து கேட்டார்கள். கொடுத்தேன். அவர்களோடு பேசுவதற்காக என் பிள்ளை சென்னையிலிருந்து வந்தபோது என் போனில் ஒன்று போட்டுக் கொடுத்தான். எந்த மொழி எழுத்தைக் காட்டினாலும் படத்தின் மேலேயே அது தமிழாக மாறி நிற்கும். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தமிழைத் தவிர ஒரு எழுத்தும் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு இது பெரிய சமாச்சாரம்தான்.

சொல்லப் போனால் அது எனக்குத் தேவையே படவில்லை. அந்தப் பெண் மில்லுக்குப் போன மூன்று வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். மில் களத்தில் என்ன தமிழ் பேசுவார்களோ அந்தத் தமிழ். முதல் நாள் என்னைப் பார்த்து, "இன்னா கெய்வி, தண்ணி எப்போ வரும்?" என்றாள். முகத்தில் அத்தனை பணிவு. அது மரியாதைச் சொல் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் கிழவியாகவே இருந்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்திதான் அதட்டி, "அம்மான்னு கூப்புடுடி" என்று திருத்தினாள்.

அவளுக்கு ஒரே மகள். ஊரில் மாமியாரிடம் இருந்தது. ஐந்தாவது முடித்திருந்தது. அங்கே அரசாங்கத்து விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறதாம். ஆறாவதில் சேர்ந்தால் பத்து வரைக்கும் தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் அவர்களே. அதற்குப் பரீட்சை எழுதியிருந்தது. கிடைக்காவிட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அவள் களத்தில் நெல் தள்ளும் பலகையைப் பிடிப்பதுபோல் கைகளை வைத்து இரண்டு முறை தள்ளிக் காட்டினாள்.

விண்ணப்பத்தில் கொடுத்திருந்த போன் நம்பர் அவள் தம்பியுடையது. அவன் சூரத்தில் தறி ஓட்டுகிறான். அவனுக்கும் படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் தம்பிக்கு ஏதாவது செய்தி வந்தால் அப்படியே படம் பிடித்து அக்காளுக்கு அனுப்புவான். அக்காளும் படிக்காதவள். அவள் அதை என் போனுக்கு அனுப்புவாள். இந்த இரண்டு படிக்காத கைகளைத் தாண்டி என் போனுக்கு வந்ததும், அங்கே இருக்கும் படித்த இயந்திரம் தமிழில் சொல்லும். உரக்கப் படித்துக் காட்டும் பொத்தானும் அதில் உண்டு. அவள் மொழிக்கு மட்டும் அது வாய் திறக்காது.

பரீட்சை முடிவு வரும் மாதத்தில் ஒருநாள் காலை அவள் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் ஓடி வந்தாள்.

"அம்மா, ரெண்டு மெசேஜ். பாப்பா ஸ்கூல். இன்னா எயுதிகீது பாரு."

இரண்டு படம். தம்பி, எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று மேலும் கீழும் வெட்டி, நடுவில் உள்ளதை மட்டும் அனுப்பியிருந்தான். யார் அனுப்பியது என்று காட்டும் தலைப்பகுதி இரண்டிலும் இல்லை. அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

முதல் படம் தமிழில் இப்படி வந்தது. விண்ணப்ப எண் இன்னது. மாணவி தேர்வு. அசல் ஆவணங்களுடன் பெற்றோர் நேரில் ஆஜராக வேண்டும். இன்ன தேதி கடைசி. தவறினால் இடம் ரத்து, அடுத்தவர் அழைக்கப்படுவார்.

இரண்டாவது இப்படி வந்தது. அன்பான பெற்றோருக்கு வணக்கம். தங்கள் மகள் எங்கள் பள்ளிக்குத் தேர்வாகியுள்ளார் என்பதைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். தாங்கள் சிரமப்பட்டு நேரில் வரத் தேவையில்லை. கீழே உள்ள இணைப்பில் சென்று பதிவுக் கட்டணம் ரூபாய் 499-ஐ இன்றே செலுத்தி இடத்தை உறுதி செய்துகொள்ளவும். தங்கள் தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கீழ்க்கண்ட கைபேசி எண்ணில் எங்களுக்குத் தெரிவிக்கவும். நன்றி.

ஓரகத்தி அதற்குள் வந்துவிட்டாள். யாராவது போனைக் கையில் எடுத்தால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். இரண்டையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அக்கா, மொதல்ல வந்தது ஃபிராடு," என்றாள். "டிவில தெனம் சொல்றானே. ஆஜராவு, ரத்து பண்ணிடுவேன், உள்ள தூக்கி வெச்சிடுவேன்னு மெரட்டுனா அது ஃபிராடு. இவன் மெரட்டுறான் பாரு."

"ரெண்டாவது?"

"அது ஸ்கூலு. எவ்ளோ தன்மையா எயுதிகீறான். சிரமப்பட்டு வராதீங்கன்னு எவன் சொல்லுவான் இந்தக் காலத்துல? பெரிய படிப்பு படிச்ச மனுசனாத்தான் இருப்பான்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அறுபத்தெட்டு வயதில் இதுவரை எந்த அலுவலகமும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை. தாலுகா ஆபீசில் "அந்தாண்ட போய் நில்லு" என்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு, 'தாங்கள்' என்ற சொல்லைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நிற்கலாமா என்று தோன்றியது. அந்த ஆறு இலக்க எண்ணைப் பற்றி எந்தச் சந்தேகமும் வரவில்லை. பள்ளிக்கூடம் என்றால் எண்கள் கேட்கத்தானே செய்வார்கள்.

அந்தப் பெண் மட்டும், "அம்மா, அப்ளிகேசன் குடுத்த பேப்பர்ல ஸ்கூல் நம்பர் கீது. போன் போட்டா?" என்றாள்.

"இரு இரு, அதான் தெளிவா எயுதிகீதே," என்றேன் நான். சபையில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். என்னிடம் இரண்டு பேர் ஒரு விஷயத்துக்குத் தீர்ப்புக் கேட்டு நிற்கிறார்கள். எனக்கு அன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது.

விஷயம் என்னவென்றால், அந்த இணைப்பை என் போனில் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அது வெறும் படம்தானே. படத்தில் இருக்கும் கதவைத் தள்ளினால் திறக்குமா? உண்மையான செய்தி சூரத்தில் தம்பியின் போனில் இருந்தது. தறி ஓடும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திருப்பித் தருவார்கள். செய்தியோ இன்றே என்கிறது.

"கடத் தெருவுல போன் கடைக்காரன் அடிச்சித் தருவான்," என்றாள் ஓரகத்தி. "அந்த இங்கிலீஷ் எயுத்த ஒரு பேப்பர்ல எயுதிக் குடு அக்கா. இவ ஊட்டுக்காரன் மில்லுலேர்ந்து அப்டியே போயி கட்டிட்டு வந்துடுவான்."

என் போனையே எடுத்துப் போய்க் காட்டலாம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. போன் கடைக்காரனிடம் கொடுத்தால் உள்ளே இருக்கும் போட்டோவை எல்லாம் எடுத்துவிடுவான் என்று ஓரகத்தி அடிக்கடி சொல்வாள். ஊருக்கே தெரிந்த பயம் அது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாத நாங்கள் இங்கே நன்றாகப் பயந்தோம்.

பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன். அந்த எழுத்துகள் எனக்கு எழுத்தே இல்லை, உருவங்கள். கொக்கி, வட்டம், நிற்கிற கோடு, வட்டத்தில் வால். ஒன்றைப் பார்த்து ஒன்று வரைய வேண்டும். படத்தில் அது பொடிப்பொடியாக இருந்தது. பெரிதாக்கினால் மங்கிப் போனது. நான் திணறுவதைப் பார்த்து அந்தப் பெண் பின்கட்டுக்கு ஓடி, ஆதார் அட்டையெல்லாம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அதில் விண்ணப்பம் கொடுத்தபோது தந்த சீட்டு இருந்தது. அதன் அடியில் பள்ளிக்கூடத்தின் அதே மாதிரியான ஆங்கில வரி, கொட்டை எழுத்தில்.

"இது பாத்து எயுது அம்மா. ஒண்ணுதானே," என்றாள்.

ஒன்றுதானே என்றுதான் நானும் எழுத ஆரம்பித்தேன். ஆனால் சரிபார்க்காமல் எழுதப் பயம். ஒரு உருவம் சீட்டில், அதே உருவம் படத்தில். படித்தவர்களாக இருந்தால் ஒரே பார்வையில் பள்ளியின் பெயர் என்று தாண்டிப் போயிருப்பார்கள். எனக்குத் தாண்டத் தெரியாதே. பதினைந்து பதினாறு உருவம் வரை ஒன்றாகவே வந்தது. பிறகு சீட்டில் ஒரு புள்ளி. படத்தில் புள்ளி இல்லை, சின்னப் படுக்கைக் கோடு. சரி, அச்சுக் கோளாறு என்று விட்டேன். அதன்பின் மூன்று உருவம் இரண்டிலும் ஒன்று. பிறகு இரண்டிலும் புள்ளி. அதற்கப்புறம் சீட்டில் இரண்டே எழுத்தோடு வரி முடிந்துவிட்டது. படத்தில் மூன்று எழுத்து. அதில் முதல் எழுத்து பெருக்கல் குறி மாதிரி இருந்தது. சீட்டில் அப்படி ஒரு குறி எங்கேயுமே இல்லை.

"வாலு வேறயா கீதே," என்றேன்.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "தலையும் ஒடம்பும் ஒண்ணாத்தானே கீது? வாலுல இன்னா இருக்கு?"

"ஒரு ஊட்டு விலாசத்துல ஊர் பேரு கடைசிலதானே வரும்? தெருவும் நம்பரும் ஒண்ணா இருந்து ஊரு வேறயா இருந்தா லெட்டரு எங்க போவும்?"

அவள் சீட்டை என் கையிலிருந்து பிடுங்கித் தானே ஒருமுறை பார்த்தாள்.

இரண்டு படத்தையும் மறுபடி இயந்திரத்திடம் காட்டினேன். இந்த முறை அவசரத்தில் அந்த மிரட்டல் செய்தியில் பாதியைத்தான் உள்ளே அடக்கினேன். அது என்ன சொன்னது தெரியுமா? "தயவுசெய்து பெற்றோர் அசல் ஆவணங்களுடன் நேரில் வருகை தரவும்." காலையில் ஆஜராகச் சொன்னவன் மத்தியானம் தயவு செய்யச் சொல்கிறான். இன்னொரு தடவை காட்டினேன். "நேரில் வா" என்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாங்களும் தயவும் வணக்கமும் ஒடிசாவிலிருந்து வந்ததில்லை. இந்தப் போனுக்குள் இருக்கிறவன் தன் இஷ்டத்துக்குப் போடுவது. எழுதினவன் தன்மையானவனா, முரடனா, தப்பும் தவறுமாக எழுதினானா, எதையும் நான் படிக்கவில்லை. ஒருவனுக்குச் சலவை வேட்டியும் ஒருவனுக்குக் கந்தலும் கட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறது இது. நான் வேட்டியைப் பார்த்து இவன் பெரிய மனுஷன் என்று சொல்லிவிட்டேன். காலையெல்லாம் நான் தீர்ப்புச் சொன்னது அந்த இரண்டு செய்திகளைப் பற்றியே இல்லை.

மாறாமல் நின்றவை சிலதான். ஆங்கில வரியை அது தொடவில்லை. எண்களை மாற்றவில்லை. மிரட்டின செய்தியில் இருந்த விண்ணப்ப எண்ணைச் சீட்டோடு வைத்துப் பார்த்தேன். எண்கள் எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொன்றும் ஒத்துப் போனது. பெருமகிழ்ச்சி அடைந்த செய்தியில் விண்ணப்ப எண்ணே இல்லை. மகள் பெயரும் இல்லை. 'தங்கள் மகள்' என்று மட்டும். நாட்டில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

இருந்தாலும் இதுதான் உண்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணை எவனாவது எங்கிருந்தாவது பார்த்து எழுதியிருக்கலாமே. காலையில் வந்த தைரியம் எங்கே போனதோ தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். இந்த முறை கொஞ்சம் கோபமாக. "அம்மா. பேப்பர்ல நம்பர் கீது. ஒடியா பேசுற ஸ்கூல். நான் ஒடியா."

நானும் ஓரகத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காலை எட்டு மணியிலிருந்து ஒரு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பேச்சைத் தமிழாக்கி, தமிழை ஆராய்ந்து, வால் பார்த்து, எண் பார்த்து நான் செய்த அத்தனையும், பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசுகிற ஒருத்தி பக்கத்திலேயே நிற்கும்போதுதான். அவளுக்குப் படிக்கத்தான் தெரியாது. பேசத் தெரியாதென்று யார் சொன்னது?

"செய்தில இருக்கிற நம்பர்ல போடாதடி," என்றேன். "சீட்டுல இருக்கிறதுல போடு." அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படி.

போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். மில்லிலிருந்து புருஷன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். கடைத்தெருவுக்குப் போகட்டுமா, வேண்டாமா என்று. இவள் ஏதோ சொல்லி நிறுத்தினாள். ஓரகத்தி, "இன்னிக்கே கட்டலன்னா சீட்டு பூடுமோ?" என்று ஒரு கொள்ளியைச் செருகிவிட்டு மோர் குடிக்கப் போனாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஷிஃப்டுக்கும் போகாமல் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு தடவை போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணி வாக்கில் எடுத்தார்கள். ஒரு ஆம்பிளைக் குரல். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கத்துகிறான் என்பது மட்டும் புரிந்தது. இவள் சீட்டை நீட்ட, நான் எண்ணை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்ட, தன் மொழியில் அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம். பிறகு இன்னும் பெரிய கத்தல். அவன் கத்தக் கத்த இவள் முகம் மலர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னாடி சொல்றான்?" ஓரகத்தி மோர்ச் சொம்போடு ஓடி வந்தாள்.

"பாப்பா பேர் கீது! நேர்ல வா சொல்றான். ஒரிஜினல் எடுத்துகினு. துட்டு ஒண்ணும் வாணாம். துட்டு கேக்குற மெசேஜ் திருடன், நெறைய பேருக்கு வந்துகீது. காலைலேர்ந்து எல்லாரும் போன் பண்ணி பேஜார் பண்றாங்களாம். அதான் கத்துறான்."

பணம் போயிருந்தால் ஐநூறுக்கு ஒரு ரூபாய் குறைவாகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு இலக்க எண்ணையும் சொல்லியிருந்தால் அவள் புருஷன் கணக்கில் இருந்த சம்பளம் முழுக்கப் போயிருக்கும் என்று என் பிள்ளை பிறகு போனில் சொன்னான். ஆனால் அது கூடப் பெரிதில்லை. நேரில் வரத் தேவையில்லை என்று அந்த மரியாதைக்காரன் எழுதியிருந்தானே. கட்டணம் கட்டியாயிற்று, இடம் உறுதி என்று இவர்கள் இங்கேயே நெல் தள்ளிக்கொண்டிருந்திருப்பார்கள். அங்கே தேதி போய், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தத் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள் இருந்தது. ரயிலில் போகவே ஒன்றரை நாள்.

புருஷன் அன்று சாயங்காலமே சென்னைக்குப் பஸ் ஏறினான். தம்பிக்கு ஆறு மணிக்குப் போன் கிடைத்ததும், வெட்டாமல் முழுப் படம் அனுப்பச் சொன்னோம். பணம் கேட்ட செய்தியின் தலையில் சாதாரணமான பத்து எண் போன் நம்பர் இருந்தது. நம்மைப்போல் யாரோ ஒருவனுடையது. இன்னொன்றின் தலையில் எண்ணே இல்லை, ஆங்கில எழுத்துகள் மட்டும். காலையிலேயே தலையைப் பார்த்திருந்தால் வாலைத் தேடியிருக்க வேண்டாம். பிள்ளையிடம் அதைச் சொன்னேன். "தலையையும் நம்பாத, அதையும் பொய்யா வெப்பானுங்க. நீங்க போன் பண்ணதுதான் சரி," என்றான். யார் போன் பண்ணச் சொன்னது என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

ஓரகத்தி மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் பாத்ததுமே சொன்னேன், துட்டு கேட்டா நம்பாதேன்னு. எங்கக்காதான் தாங்கள்னு எயுதிகீறானேன்னு மயங்கிட்டாங்க." நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி உண்மைதானே.

நாலாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் பின்கட்டில் போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் கூச்சப்பட்டுக்கொண்டு கதவருகில் நின்றேன். ஊரிலிருந்து புருஷன் ஏதோ ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான், திரையில் தெரிந்தது. என் போனை நீட்டினேன், காட்டு, என்ன எழுதியிருக்கிறது பார்க்கலாம் என்பதுபோல்.

"வாணாம் அம்மா," என்றாள். "அவரு வாயால சொல்லிட்டாரு. சேத்துகினாங்க. பாப்பாகிட்ட பேசுனேன். விடுதிச் சோறு நல்லா இல்லையாம், இப்பவே அழுவுது."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனாள்.